மச்சத்தை வீட்டில் பரிசோதிப்பது எப்படி: வடிவம், ஓரம், நிறம், அப்புறம் மருத்துவர்

மச்சத்தைப் பார்க்கும்போது நம்மில் பலர் ஒரே ஒரு மச்சத்தை உற்றுப் பார்த்து, "இது நல்லதா கெட்டதா" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு வெறும் கண்ணால் பதில் கிடைக்காது. பல வருடம் பயிற்சி பெற்ற தோல் மருத்துவரே கருவியை வைத்துப் பார்க்கிறார், சந்தேகம் இருந்தால் வெட்டி எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்புகிறார். வீட்டில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு, இரண்டே இரண்டு. இந்த மச்சம் என் உடம்பில் உள்ள மற்ற மச்சங்களைப் போல இருக்கிறதா? மூன்று மாதம் முன்பு இருந்தது போலவே இருக்கிறதா? வடிவம், ஓரம், நிறம் என்று நாம் பார்ப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்லத்தான்.

நாம் தேடுவது மெலனோமா என்ற தோல் புற்றுநோயை. தோலுக்கு நிறம் தரும் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வருவது அது. தோலின் மேலடுக்கில் இருக்கும்வரை வெட்டி எடுத்தால் அநேகமாக முழுவதும் குணமாகிவிடும். கீழே இறங்க இறங்க நிலைமை மாறும். அதனால்தான் மருத்துவர்கள் மெலனோமாவின் பரப்பளவைவிட அதன் ஆழத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள், அதை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் பிடிபடுவதும் நான்கு மில்லிமீட்டரில் பிடிபடுவதும் முற்றிலும் வேறு வேறு நிலைமைகள். சில மாதம் முன்கூட்டிப் பார்ப்பதன் பயன் அங்கேதான் இருக்கிறது.

பார்க்கத் தொடங்கும் முன்

குளித்து முடித்து உடம்பைத் துடைத்த பிறகு, எண்ணெயோ கிரீமோ தடவாமல் பாருங்கள். நகப் பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் இருந்தால் அதுவே சிறந்தது. மஞ்சள் விளக்கில் பழுப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், சிவப்பு மறைந்தே போய்விடும். ஆளுயரக் கண்ணாடி ஒன்று, கையில் பிடிக்கும் சிறிய கண்ணாடி ஒன்று, மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல் ஒன்று, போன் ஒன்று. இவ்வளவு போதும்.

தலையில் தொடங்கிக் கீழே வாருங்கள். முகம், காதின் பின்புறம், கழுத்து, மார்பு, மார்பின் அடிப்பகுதி, வயிறு, அக்குள், கையின் இரு பக்கமும், உள்ளங்கை, விரலிடுக்கு, நகம். பிறகு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, சிறிய கண்ணாடியில் முதுகு, பிட்டம், தொடையின் பின்பக்கம். கடைசியாக உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு, நகம். தலைமுடிக்குள் பார்க்க வீட்டில் ஒருவர் உதவினால் நல்லது. சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகும் அப்படித்தான், இன்னொருவர் கண் கண்ணாடியைவிட மேல்.

முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். அடுத்த மாதத்திலிருந்து பத்து நிமிடம்தான். மாதம் ஒரு முறைக்கு மேல் பார்க்காதீர்கள். தினமும் பார்த்தால் மெதுவான மாற்றம் கண்ணுக்குப் பழகிவிடும், பயம் மட்டும்தான் வளரும்.

முதலில் கூட்டத்தில் சேராததைத் தேடுங்கள்

ஒவ்வொரு மச்சமாக ஆராயத் தொடங்காதீர்கள். முதலில் சற்றுத் தள்ளி நின்று ஒரு பகுதியை முழுதாகப் பாருங்கள். ஒருவர் உடம்பில் உள்ள மச்சங்கள் பெரும்பாலும் ஒரே குடும்பம் போல இருக்கும். ஒருவருக்குச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், இன்னொருவருக்கு வெளிர் பழுப்பில் சற்றுத் தடித்தவை. அந்தக் குடும்பச் சாயல் இல்லாமல் ஒன்று தனித்து நின்றால் அதை முதலில் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு மருத்துவர்கள் 1998இல் இதை ஒரு அறிகுறியாகவே எழுதி, அழகில்லாத வாத்துக்குஞ்சுக் கதையின் பெயரை அதற்கு வைத்தார்கள். எல்லா மச்சமும் கறுப்பாக இருக்கும் உடம்பில் ஒரே ஒரு இளஞ்சிவப்பு மச்சம் கூட இப்படித் தனித்து நிற்பதுதான்.

தனித்து நிற்கும் ஓரிரண்டை மட்டும் இப்போது அருகில் போய்ப் பாருங்கள்.

வடிவம்: இரண்டு பாதியும் பொருந்துகிறதா

ஸ்கேலின் ஓரத்தை மச்சத்தின் நீளவாக்கில், நடுவே வைத்து இரண்டாகப் பிரிப்பது போலக் கற்பனை செய்யுங்கள். ஒரு பாதியை மடித்தால் மறுபாதியின் மேல் சரியாக உட்காருமா? பிறகு ஸ்கேலைத் திருப்பிக் குறுக்கே வைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். வட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முட்டை வடிவம் கூட நீளவாக்கில் பிரித்தால் பொருந்தும். கையால் செய்த அப்பளம் போலக் கொஞ்சம் கோணலாக இருப்பதும் இயல்புதான். ஒரு பக்கம் வட்டமாகவும் மறுபக்கம் வால் முளைத்தது போலவும் இருந்து, எந்தப் பக்கம் பிரித்தாலும் பொருந்தவில்லை என்றால்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வெளிக்கோடு பொருந்தினாலும் உள்ளே பொருந்தாமல் இருக்கலாம். அழகான வட்டத்துக்குள் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெளிர் பழுப்பு என்றால் அதுவும் பொருத்தமின்மைதான். மேடுபள்ளமும் அப்படியே. தட்டையான மச்சத்தில் ஒரு ஓரம் மட்டும் புடைத்திருந்தால் அதை விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

ஓரம்: எங்கே முடிகிறது

இரண்டு விரலால் தோலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மச்சத்தின் ஓரத்தைக் கடிகார முள் போல ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த இடத்திலும் "இங்கே முடிகிறது" என்று சொல்ல முடிகிறதா?

ஓரம் சற்று மங்கலாக இருப்பதே ஆபத்து என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. சுற்றிலும் ஒரே மாதிரி மெல்ல மெல்ல மங்கினால் அது பெரும்பாலும் சாதாரண மச்சம். ஒரு பக்கம் கோடு போட்டது போல வெட்டென்று முடிந்து, மறுபக்கம் தோலுக்குள் மை கசிந்தது போலப் பரவினால் கவனிக்க வேண்டும். கரையோரம் போல நெளிந்து, குடைவு விழுந்திருந்தாலும் கவனிக்க வேண்டும். மச்சத்துக்கு வெளியே சற்றுத் தள்ளி, முன்பு இல்லாத சின்னப் புள்ளிகள் தோன்றினால் அதையும் ஓரத்தோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

ஷேவ் செய்யும்போது கீறிய மச்சமும் பெல்ட் உரசிய மச்சமும் சில நாளுக்கு ஓரம் சிவந்து, கோணலாகத் தெரியும். இரண்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். காயம் என்றால் அதற்குள் ஆறியிருக்கும்.

நிறம்: எத்தனை, எங்கே

மாநிறத்திலும் கறுத்த தோலிலும் இயல்பான மச்சம் கரும்பழுப்பாகவோ கிட்டத்தட்டக் கறுப்பாகவோதான் இருக்கும். வெளுத்த தோலை மனதில் வைத்து எழுதிய கையேடுகளில் "கறுப்பு மச்சம் ஆபத்து" என்று படித்துவிட்டு நாம் பயப்படத் தேவையில்லை. சீரான கறுப்பு, சிறிய அளவு, வருடக்கணக்கில் மாறாதது என்றால் நிறத்தை வைத்து மட்டும் கவலைப்பட ஒன்றுமில்லை.

எண்ணிப் பாருங்கள். ஒரு நிறமா, இரண்டா, மூன்றா? இரண்டு நிறம் இருந்தாலும் அவை எப்படி அமைந்திருக்கின்றன என்பது முக்கியம். நடுவில் கருமை, சுற்றிலும் வெளிர் பழுப்பு என வளையம் போல அமைந்தால் அது ஒழுங்கு. ஒரு ஓரத்தில் மட்டும் கருந்திட்டு, அதற்கு எதிரே வெளிர், நடுவே எங்கோ சிவப்பு என்றால் அது ஒழுங்கின்மை. மூன்று நிறத்தைத் தாண்டினாலோ, நீலச்சாம்பல் தெரிந்தாலோ, மச்சத்துக்குள் வெள்ளையாக வெளிறிய திட்டு விழுந்தாலோ காத்திருக்காதீர்கள். நிறச் செல்கள் ஆழத்தில் இருந்தால் வெளியே நீலமாகத் தெரியும். உடம்பு அவற்றை எதிர்த்து அழித்த இடம் வெளிறித் தெரியலாம்.

அளவைவிட மாற்றம் பெரிது

வடிவம், ஓரம், நிறம், அளவு என்ற இந்த நான்கையும் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1985இல் ஏபிசிடி என்று எளிதாக நினைவில் நிற்கும்படி தொகுத்தார்கள். அளவுக்கு அவர்கள் வைத்த கோடு 6 மில்லிமீட்டர், பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பரின் அகலம். 2004இல் மாற்றம் என்ற ஐந்தாவதைச் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஐந்தாவதைத்தான் முதலில் வைப்பேன். 4 மில்லிமீட்டரிலும் மெலனோமா இருக்கலாம். பிறந்ததிலிருந்தே 12 மில்லிமீட்டரில் இருக்கும் மச்சம் மாறாமல் சும்மாவே இருக்கலாம். வளரும் குழந்தைக்கு மச்சமும் உடம்போடு சேர்ந்து பெரிதாகும். நாற்பது வயதுக்காரருக்கு இருபது வருடம் அசையாமல் இருந்த மச்சம் நான்கே மாதத்தில் பெரிதானால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மெலனோமாக்களில் ஏறக்குறைய பத்தில் மூன்றுதான் பழைய மச்சத்திலிருந்து வருகின்றன. மற்றவை மச்சமே இல்லாத இடத்தில் புதிதாகத் தோன்றுபவை. ஆகவே பழைய மச்சங்களை மட்டும் வரிசையாகப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். "இங்கே போன தடவை ஒன்றும் இல்லையே" என்று கேட்கும் கண் வேண்டும்.

படம் எடுக்கும் முறை

நினைவை நம்பி மாற்றத்தைச் சொல்ல முடியாது. படம் வேண்டும், அதுவும் ஒப்பிடக்கூடிய படம். ஒவ்வொரு மச்சத்துக்கும் இரண்டு படம் எடுங்கள். முதலாவது சற்றுத் தள்ளி நின்று, மச்சம் முழங்காலுக்கு எவ்வளவு கீழே, எலும்புக்கு எந்தப் பக்கம் என்று இடம் புரியும்படி. இரண்டாவது அருகில், மச்சத்தை ஒட்டி ஸ்கேலை வைத்து.

போனை மச்சத்தின் மேல் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். மிக அருகில் போனால் லென்ஸ் வடிவத்தை வளைத்துக் காட்டும், போனின் நிழலும் விழும். ஒரு முழ நீளத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் நேர் எதிரே பிடித்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், அது நடுவில் வெள்ளைப் புள்ளியைப் போட்டு நிறத்தைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே ஜன்னல், அதே நேரம், உடம்பு அதே நிலை. முழங்காலை மடக்கி ஒரு முறை, நீட்டி ஒரு முறை எடுத்தால் தோல் இழுபட்டு அளவே மாறித் தெரியும்.

எடுத்ததும் தேதி, இடம், நீளம், அகலம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எல்லா மச்சத்துக்கும் இது தேவையில்லை. தனித்து நிற்பவை, சந்தேகம் தந்தவை, கண்ணுக்கு எட்டாத முதுகுப்பகுதி, இவற்றுக்கு மட்டும் போதும்.

அக்காவின் குதிகால்

இதை நான் கற்றுக்கொண்டது என் அக்காவின் இடது குதிகாலில் இருந்து. அப்போது அவளுக்கு 52 வயது. பாத வெடிப்புக்குக் களிம்பு தடவும்போது ஒரு பழுப்புப் புள்ளியைப் பார்த்திருக்கிறாள். "செருப்புச் சாயம்டா, போகமாட்டேங்குது" என்றுதான் என்னிடம் சொன்னாள். நான் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். நீளம் 5 மில்லிமீட்டர், ஒரே பழுப்பு, முட்டை வடிவம். அளவைப் பார்த்தால் 6க்குள்தான், வடிவமும் பொருந்தியது. ஆனால் அவள் உடம்பில் வேறெங்கும் அந்தப் பழுப்பில் மச்சமே இல்லை.

மூன்று மாதம் கழித்து அதே திண்ணையோர வெளிச்சத்தில் மறுபடி எடுத்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. நீளம் 7 மில்லிமீட்டர். குதிகாலின் பின்பக்க ஓரம் அப்படியே தெளிவாக இருந்தது, உள்பக்க ஓரம் ஈரத் தாளில் மை ஊறியது போலப் பரவியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டும் புதிதாக வந்திருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. அக்கா, "ஒண்ணுமே பண்ணலையே, இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி" என்றாள். நான் படங்களைக் காட்டிய பிறகுதான் கிளம்பினாள்.

தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்தார். பத்து மடங்கு பெரிதாக்கி, தோலின் பளபளப்பைக் குறைத்துக் காட்டும் கைக்கருவி அது. உள்ளங்காலில் ரேகைகள் மேடும் பள்ளமுமாக ஓடுகின்றன அல்லவா? சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளங்களில் கோடாகத் தங்கும். மெலனோமாவில் அது மேடுகளில் ஏறி அகலப் பட்டையாகத் தெரியும். ஜப்பானிய தோல் மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன வித்தியாசம் இது. அக்காவுக்கு ஒரு பக்கம் மேடுகளில் இருந்தது. புள்ளியை முழுதாக வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மேலடுக்கைத் தாண்டாத மெலனோமா என்று முடிவு வந்தது. சுற்றிலும் இன்னும் சற்று அகலமாக வெட்டினார்கள். குதிகால் ஆற வாரக்கணக்கில் ஆனது, வேறு சிகிச்சை தேவைப்படவில்லை.

வெயில் படாத இடத்தில் எப்படி என்று அக்கா கேட்டாள். வெளுத்த தோலில் பெரும்பாலான மெலனோமா வெயிலோடு தொடர்புடையது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வருவதே குறைவு. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது அதிகம். அந்த வகைக்கு வெயில் காரணமல்ல. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் கண்டறியப்பட்டதும் இந்த நோய்தான். அது பரவி 1981இல் அவர் 36 வயதில் இறந்தார். நம்மைப் போன்ற நிறம் உள்ளவர்கள் முகத்து மச்சத்தைப் பார்த்துவிட்டுப் பாதத்தைப் பார்க்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தமான விஷயம்.

வடிவமும் ஓரமும் நிறமும் ஏமாற்றும் இடங்கள்

நகத்தில் பாதி பொருந்துகிறதா என்று பார்க்க முடியாது. அங்கே நகத்தின் அடியிலிருந்து நுனிவரை பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு கோடு ஓடும். கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்த கோடு, 3 மில்லிமீட்டரைத் தாண்டிய கோடு, அடியில் அகலமாகி நுனியில் குறுகும் கோடு, நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் கருமை பரவிய கோடு என்றால் உடனே காட்டுங்கள். இடித்துக்கொண்டு இரத்தம் கட்டியிருந்தால் அந்தக் கருமை நகத்தோடு சேர்ந்து நுனியை நோக்கி நகரும், பின்னால் தெளிவான நகம் முளைக்கும். கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் கருமையின் பின் ஓரத்தைப் படம் எடுத்து, இரண்டு மாதத்தில் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகராமல் இருந்தால் அதை அடி பட்டது என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது முடிச்சு வகை மெலனோமா. இது வேகமாக வளரும், அதனால் ஆபத்தும் அதிகம். ஆனால் பார்க்க அழகான உருண்டையாக, ஒரே நிறமாக, தெளிவான ஓரத்தோடு இருக்கும். சில சமயம் கருமையே இல்லாமல் இளஞ்சிவப்புப் பரு போல இருக்கும். மேலே எழும்பியிருக்கிறது, தொட்டால் கெட்டியாக இருக்கிறது, ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் வேறு எந்தச் சோதனையும் செய்யாமல் மருத்துவரிடம் போங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வயதாக ஆக, மெழுகைச் சொட்டி ஒட்டவைத்தது போன்ற கரடுமுரடான பழுப்புத் திட்டுகள் வரும். ஓரம் நெளிந்து, நிறம் கலந்து பயமுறுத்தும், ஆனால் தீங்கில்லாதவை. கன்னத்தில் வரும் சின்னக் கறுப்பு மருக்களும் இந்த இனம்தான். ஆனாலும் முதல் தடவை ஒரு மருத்துவர் பார்த்து "இது அதுதான்" என்று சொல்லட்டும். நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள்.

எப்போது, எவ்வளவு சீக்கிரம்

தொடாமலே இரத்தம் கசிகிற, புண்ணாகி ஆறாத, வாரக்கணக்கில் கண்ணெதிரே வளர்கிற புள்ளி என்றால் இந்த வாரமே போங்கள். மச்சத்துக்கு அருகிலோ, அக்குளிலோ, தொடை இடுக்கிலோ வலியில்லாத கட்டி சேர்ந்து தெரிந்தாலும் அப்படியே. இரண்டு படத்துக்கு இடையே வடிவம், ஓரம், நிறம் இவற்றில் ஒன்று மாறியிருந்தால் இரண்டு வாரத்துக்குள் நேரம் வாங்குங்கள். எந்த மாற்றமும் இல்லை, ஆனால் தனித்து நிற்கிறது என்றால் ஒரு மாதத்துக்குள் ஒரு முறை காட்டிவிடலாம். கர்ப்பத்தில் எல்லா மச்சமும் கருக்கும் என்று சொல்லி விடுவதுண்டு. ஒன்று மட்டும் மாறினால் அதைக் கர்ப்பத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

குடும்பத்தில் இரத்த உறவு யாருக்காவது மெலனோமா இருந்தவர்கள், உடம்பில் ஐம்பதுக்கு மேல் மச்சம் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், இவர்கள் மாற்றத்துக்குக் காத்திருக்காமல் ஒரு முறை முழு உடம்பையும் தோல் மருத்துவரிடம் காட்டி, அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

போகும்போது படங்களைக் கையோடு கொண்டு போங்கள். மச்சத்தின் மேல் மஞ்சள், களிம்பு, மேக்கப் எதுவும் வேண்டாம். மருத்துவர் சந்தேகப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் ஓரிரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து முழுதாக வெட்டி எடுப்பார். அதுதான் பயாப்ஸி. வெட்டினால் புற்றுநோய் பரவும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அழகுக்காக லேசரில் சுட்டோ, திரவம் வைத்துக் கரித்தோ, நூல் கட்டியோ மச்சத்தை எடுத்துவிட்டால் பரிசோதிக்க ஒன்றுமே மிஞ்சாது. ஆழம் தெரியாது, மேலே தழும்பு மூடிக்கொண்டு அடியில் வளர்ந்தாலும் தெரியாது. எந்தக் காரணத்துக்காக எடுத்தாலும், எடுத்த திசு பரிசோதனைக்குப் போகிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

முடிவு வந்ததும் அறிக்கையின் பிரதியை வாங்கி அந்தப் படங்களோடு சேர்த்து வையுங்கள். சாதாரண மச்சம் என்று வந்தாலும் தழும்பை ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் மறுபடி நிறம் முளைத்தால், பழைய அறிக்கையில் என்ன இருந்தது என்றுதான் அடுத்த மருத்துவர் முதலில் கேட்பார்.